"ஃப்ரீ சைஸ், ப்யூர் காட்டன்" கஃப்தான் வாங்கப் போகிறீர்களா?

இன்ஸ்டாகிராமில் நைட்டி விற்கும் ஒரு பக்கத்தில் அம்மாவுக்காக 850 ரூபாய்க்குக் கஃப்தான் வாங்கினேன். தோள்பட்டை வலியால் அவருக்குச் சாதாரண நைட்டியில் கை நுழைப்பதே பெரும்பாடு. "ப்யூர் காட்டன், ஃப்ரீ சைஸ், மார்புச் சுற்று 80 இன்ச்" என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சுற்று 46தான். ஆனாலும் வந்த கஃப்தான் மார்பில் இறுக்கிப் பிடித்தது.

அந்த 80 எப்படி வந்தது என்று தரையில் விரித்து அளந்தபோது புரிந்தது. கஃப்தானில் இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அக்குளுக்குக் கீழே தொடங்கி அடிவரை ஒரு தையல் ஓடும். அந்த இரண்டு தையலுக்கு நடுவில்தான் உடம்பு. வெளியே தொங்குவதெல்லாம் அழகுக்கு. அவர்கள் ஓரம் முதல் ஓரம் வரை இருந்த 40 இன்ச்சை இரண்டால் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். தையலுக்குத் தையல் 22 தான், அதாவது சுற்று 44. அம்மாவுக்குத் தாராளமாக இருக்க 25, 26 இன்ச்சாவது வேண்டும். வாங்குமுன் இந்த இரண்டு தையலுக்கு நடுவே டேப் வைத்துப் போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சரி, தையலைப் பிரித்து வெளியே தள்ளித் தைத்துக்கொள்ளலாம், துணிதான் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்திலேயே, "என்னடி இது, முதுகெல்லாம் ஒட்டுது" என்றார் அம்மா. மே மாதச் சென்னை வேறு.

உள்மடிப்பில் துணியிலிருந்தே நீளவாக்கில் ஓர் இழை, குறுக்குவாக்கில் ஓர் இழை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். தையல் நூலை எடுத்துச் சோதிக்காதீர்கள். காட்டன் துணியைக்கூட இப்போது பாலியஸ்டர் நூலால்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். காட்டன் இழை காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இதுவோ சுருண்டு உருகி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு உருண்டையாக நின்றது. இரண்டு இழையும் அப்படித்தான். கலப்புகூட இல்லை, முழு பாலியஸ்டர். தண்ணீர் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம்; கஞ்சி ஏற்றிய புது காட்டனும் சில சமயம் உடனே உறிஞ்சாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பார்சல் பிரித்த வீடியோ இருக்கா மேடம்?" என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். அப்புறம் "சேல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். சொன்னதும் அனுப்பியதும் வேறு வேறாக இருந்தால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைச் சொன்னதும் பிளாக் செய்துவிட்டார்கள்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, அந்தச் சாட் எல்லாவற்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.