தண்ணீர்க் கறை படிந்த பழைய படங்களுக்கு GIMP: சில வருட அனுபவம்

ஹட்டன் பக்கம் பழைய படங்கள் கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் வேண்டாம். லயத்துத் தகரம் ஒழுகினால் போதும், ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கும் படத்தில் மண்ணிறக் கறை ஏறிவிடும். அப்படி வரும் படங்களைச் சில வருடங்களாக GIMP என்ற இலவச மென்பொருளில்தான் சரிசெய்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது தாராளமாகப் போதும்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போகும் முன், எல்லோருமாக ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். பாதிப் படத்தில் கறை, நடுவில் ஒரு கிழிசல்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யக் கூடாது. கலரில், 600 டிபிஐயில் எடுத்து TIFF ஆகச் சேமியுங்கள். கறையை நீக்க அந்தக் கலர்தான் உதவும். மஞ்சளும் மண்ணிறமும் நீல ஒளியை உறிஞ்சும், சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் Colors > Components > Decompose போய் RGB தெரிவுசெய்தால் மூன்று சாம்பல் லேயர்கள் கிடைக்கும். கண் அடையாளத்தை அழுத்தி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீல லேயரில் கறை கன்னங்கரேலென்று நிற்கும். சிவப்பில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பெரியப்பாவின் வேட்டிக்கரை எனக்கு அதில்தான் முதன்முதலில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடலாம்.

ஆனால் தண்ணீர் காய்ந்து நின்ற ஓரக்கோடு சிவப்பிலும் போகாது, அங்கே அழுக்கும் சேர்ந்து படிந்திருக்கும். அந்தக் கோட்டை மட்டும் Free Select கொண்டு வளைத்து, ஓரம் மெல்லக் கரையும்படி Feather கொடுத்து, Curves-இல் மெல்ல வெளுக்க வைத்தேன். மிச்சத்துக்கு, பக்கத்து நல்ல இடத்தைக் கொண்டு பழுதை மூடும் Heal கருவி.

கிழிசலுக்கும் Heal தான், ஆனால் லேயரை ஒரு பிரதி எடுத்து அதன் மேல் வேலை செய்யுங்கள். Ctrl அழுத்திப் பக்கத்திலேயே நல்ல இடத்தைத் தொட்டுவிட்டு, கிழிசல் மேல் சின்னச் சின்னதாகத் தடவ வேண்டும். பின்திரை, சுவர், சேலையின் வெற்றிடம் எல்லாம் இதில் அழகாக மூடும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் Heal மை இழுகின மாதிரி ஆக்கிவிடும். சேலைக்கரையில் அப்படி இழுகியதும் Clone-க்கு மாறினேன். அது எடுத்ததை அப்படியே வைப்பதால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

கிழிசல் அம்மாயியின் இடது கண் வழியாகப் போகிறது, அங்கே படத்தின் மேல்பூச்சே உரிந்துவிட்டது. வலது கண்ணைத் திருப்பி ஒட்டலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அது அம்மாயியின் கண் இல்லை. அந்த இடத்தின் வெள்ளையை மட்டும் தோல் நிறத்துக்கு மங்கவைத்து விட்டுவிட்டேன். எந்த மென்பொருளாலும் ஸ்கேனில் இல்லாததை மீட்க முடியாது.

வேலை நடக்கும்போது XCF ஆகச் சேமியுங்கள், அப்போதுதான் லேயர்கள் தங்கும். அப்புறம் மூலப் படத்தைப் பொலித்தீன் உறைக்குள் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் மேல்பூச்சு இளகி அதோடு ஒட்டிக்கொள்ளும். கடதாசி உறையே நல்லது.