காது மெஷினை எந்தக் கட்டத்தில் காட்டுவது?

ஒரு வேலைக்கு போன் இன்டர்வியூ. ஹெச்.ஆர். பெண் "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது "நேட்டிவ் பிளேஸ்". "திருவண்ணாமலை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இரண்டு காதிலும் சுமார் 65 டெசிபல் இழப்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவர்களைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்கிறது. வேலை தேடும்போது இப்படி ஒரு குறையை நிறுவனத்திடம் எப்போது சொல்வது என்பதில் நான்கு வழிகள் இருக்கின்றன. மூன்றை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்திலேயே எழுதுவது ஒன்று. அரசு வேலை என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தோருக்கு உண்டு. அதைக் கேட்க விண்ணப்பத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாரில் கதை வேறு. ரெஸ்யூமேயில் ஒரு வரி எழுதினால், அதைப் படிப்பவர் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். எதனால் கழித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியவராது. மாற்றுத்திறனாளிகளைத் தேடியே விளம்பரம் செய்யும் நிறுவனம் என்றால் மட்டும் எழுதுவேன்.

இன்டர்வியூ தேதி குறிக்கும்போது சொல்வது இரண்டாவது. என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் சரி என்பேன், ஏனென்றால் எங்களுக்கு உதவி தேவைப்படும் முதல் இடமே இன்டர்வியூதான். ரெஸ்யூமேயை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பதும் நமக்குச் சாதகம். நான் அனுப்பிய மெயிலில் டெசிபலும் இல்லை, டாக்டர் சீட்டும் இல்லை: "நான் காது மெஷின் பயன்படுத்துகிறேன். போனுக்குப் பதில் வீடியோ காலில், கேப்ஷனோடு பேசினால் வசதி. பேசுபவர் முகம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும்." கேட்டது இரண்டே விஷயம், இரண்டுக்கும் செலவில்லை.

"சத்தமாகப் பேசுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். கத்தினால் உயிரெழுத்துகளின் சத்தம்தான் கூடும். எங்களுக்கு நழுவும் ஸ, ஷ, த அப்போதும் நழுவும். கேப்ஷனையும் முழுசாக நம்ப முடியாது. ஆங்கிலக் கேப்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனலில் ஒருவர் "சரி, அத விடுங்க" என்று தமிழுக்குத் தாவினால் திரையில் என்னென்னவோ வரும். அதனால் கேள்வி புரியவில்லை என்றால் சாட்டில் தட்டச்சு செய்யச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டே தடவை தேவைப்பட்டது.

மூன்றாவது, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு. இன்டர்வியூவில் எந்த மாற்றமும் வேண்டாதவர்களுக்கு இது பொருந்தும். என் சித்தி மகனுக்கு வலிப்பு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தூக்கம் கெட்டால்தான் ஆபத்து, அதனால் நைட் ஷிப்ட் கூடாது. இன்டர்வியூவில் அதைச் சொல்லி அவனுக்கு ஆகப்போவது என்ன? எழுத்தில் ஆஃபர் வந்ததும், பழைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பு சொன்னான். இந்த வரிசை முக்கியம். ராஜினாமா கொடுத்துவிட்டுச் சொன்னால், புது இடம் "ஷிப்ட் மாற்ற முடியாது" என்றதும் இரண்டு பக்கமும் போய்விடும். நைட் ஷிப்ட் கிடையாது என்பதை மெயிலில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டான். சேருவதற்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் மட்டும் பொய் எழுதக் கூடாது. தவறான தகவல் தந்தால் வேலையை விட்டு நீக்கலாம் என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

நான்காவது, சேர்ந்த பிறகு. இரண்டாவது வேலையில் தலைமுடியால் மெஷினை மறைத்து எட்டு மாதம் ஓட்டினேன். மீட்டிங்கில் சிரிக்கும் இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். கடைசியில் "கவனம் போதவில்லை" என்று மதிப்பீட்டில் எழுதினார்கள். அதற்குப் பிறகு காரணத்தைச் சொன்னால் சாக்குச் சொல்வது போலத்தான் தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த குறை என்றால் வேறு வழியில்லை. முன்பே இருந்தது என்றால் இதைத் தவிர்ப்பேன்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை முதலில் பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி தருகிறது, யாரைத் தொடர்புகொள்வது என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையில் சொல்ல வேண்டும் என்பது 2017 விதி. நியாயமான வசதி செய்து தரும் கடமையைச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கு நேரடியாகவே சொல்கிறது. தனியாரிடம் நமக்குப் பிடிமானம் இந்தக் கொள்கைதான். இணையதளத்தில் அது இருந்தால், என் மெயிலை அந்தத் தொடர்பு அலுவலருக்கும் ஒரு நகல் போடுவேன். இல்லையென்றால், "உங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அனுப்ப முடியுமா?" என்று ஹெச்.ஆரிடம் கேட்பேன். என்ன பதில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்பதைப் பார்த்தாலே அந்த இடத்தில் எவ்வளவு சொல்லலாம் என்பது பிடிபட்டுவிடும்.