காலமானவரின் முகத்தைக் குடும்பப் படத்தில் சேர்க்கக் கொடுப்பவர்களுக்கு: பணம் தருமுன் கண்ணைப் பாருங்கள்

வேலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்து தருபவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள், அதனால் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

தங்கை கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்னால் அப்பா தவறிவிட்டார். மேடையில் எடுக்கும் குடும்பப் படத்தில் அவரும் இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதற்காகவே இடது ஓரத்தில் சித்தப்பாவை வேட்டி சட்டையில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோம். அவர் தலை இருந்த இடத்தில் அப்பா முகத்தை வைத்துத் தருவதாகப் பேச்சு. ஃபிரேமோடு சேர்த்து 6,500 ரூபாய், 4,000 முன்பணம். மூன்று படங்கள் கொடுத்தேன். ஒன்று பாஸ்போர்ட் சைஸ். இன்னொன்று ஒரு மே மாத மதியம் கோட்டையில், அகழி ஓரமாக, பேரனைப் பார்த்துச் சிரித்தபோது போனில் எடுத்தது. மூன்றாவது ஒரு நிச்சயதார்த்தத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது.

"சிரிப்பு நல்லா இருக்கு சார்" என்று கோட்டைப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரியில் முகம் நகத்தளவுதான் இருந்தது. நன்றாகவே தெரிந்தது, சரி என்றேன். 20x30 அங்குலத்தில் பிரிண்ட் வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் நம்மளப் பாக்கறாங்க, அவர் மட்டும் யாரையோ பாக்கறாரேடா" என்றார். உண்மைதான். கோட்டையில் அவர் பார்த்தது படத்துக்கு வெளியே நின்ற பேரனை. மற்ற ஐந்து பேரும் லென்ஸைப் பார்க்கிறார்கள்.

திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பிரிண்ட் வந்தது. இந்த முறை அம்மா அதை ஹாலில் மாட்டவே விடவில்லை. "பயமா இருக்குடா, இது உங்கப்பா கண்ணு இல்ல" என்றார். கடையில் கேட்டால், "இறந்தவங்க படம்னா வீட்ல அப்படித்தான் சொல்வாங்க சார், பழகிடும்" என்றார்கள். இந்த ஒரு பதிலைத்தான் என்னால் இன்னமும் மன்னிக்க முடியவில்லை. அம்மா துக்கத்தில் எதையோ பார்க்கவில்லை. படத்தில் இருந்த தவறைத்தான் பார்த்தார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஆரணியில் டச்சப் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போனேன். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவில் பென்சில் பிடித்து வேலை செய்தவர், இப்போது ஃபோட்டோஷாப்பில் செய்கிறார். அவர் திரையில் முதலில் அப்பாவைப் பெரிதாக்கவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையின் கண்ணைத்தான் பெரிதாக்கினார். "இங்க பாருங்க" என்று காட்டினார். அத்தையின் இரண்டு கருவிழியிலும், கடிகாரத்தில் பத்து மணி இருக்குமே, அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுர வெளிச்சம். கல்யாண போட்டோகிராபர் இடது பக்கம் வைத்த சாஃப்ட் பாக்ஸ் விளக்கு அது. தொழிலில் இதைக் கேட்ச் லைட் என்கிறார்கள். வரிசையாக எல்லார் கண்ணையும் காட்டினார். எல்லாருக்கும் இரண்டு கண்ணிலும் அதே பத்து மணி, அதே சதுரம்.

அப்புறம் அப்பா. ஒரு கண்ணில் பத்து மணியில் உருண்டையாக ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொரு கண்ணில் இரண்டு மணியில். யாரோ பிரஷ்ஷால் வைத்தது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அழகு என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் விளக்கு ஓர் இடத்தில் இருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்தான் விழும். இப்படி எதிரும் புதிருமாக வைத்தால் இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பது போலாகிவிடும். அம்மாவுக்குப் பயம் வந்தது இதனால்தான்.

புள்ளிக்கு அடியில் இன்னொரு விஷயம் இருந்தது. அந்தக் கண்களே கோட்டைப் படத்தில் இருந்தவை அல்ல. நான் சொன்ன குறையைத் தீர்க்க, பாஸ்போர்ட் படத்தில் நேராகப் பார்க்கும் இரண்டு கண்களையும் வெட்டி, பக்கவாட்டில் திரும்பிய கோட்டை முகத்தில் ஒட்டியிருந்தார்கள். பாஸ்போர்ட் படத்தின் ஃபிளாஷ் கண்மணியின் நடுவில் குத்தி நின்றது, அதை மறைக்கத்தான் கறுப்படித்துப் புதுப் புள்ளி. நேராகப் பார்க்கும் கண்தானே, நம்மைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். இல்லையாம். முகம் திரும்பியிருப்பவர் நம்மைப் பார்த்தால் கருவிழி கண்ணின் ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரு பக்கம் வெள்ளை அதிகமாகத் தெரியும். நடுவில் நிற்கும் கருவிழியைத் திரும்பிய முகத்தில் வைத்தால் மூக்கு போகும் பக்கமே பார்வையும் இழுபடும். 1824-ல் லண்டனில் வொல்லாஸ்டன் என்ற விஞ்ஞானி இதை ஓவியங்களை வைத்தே காட்டியிருக்கிறார். கண்களை மாற்றாமல் சுற்றியிருக்கும் முகத்தை மட்டும் மாற்றினார், பார்வை திசை மாறித் தெரிந்தது. முகம் எந்தப் பக்கம் என்று பாராமல் வேறு படத்துக் கண்ணை ஒட்டிப் பார்வையைச் சரிசெய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக வெள்ளை விழி. அதைப் பளிச்சென்று தேய்த்திருந்தார்கள். அண்ணன் அளந்து காட்டினார். வெளிச்சத்துக்கு 255 தான் உச்சம் என்ற கணக்கில் அப்பாவின் வெள்ளை விழி 240-க்கு மேல். அத்தைக்கு 160-ஐ ஒட்டி. மேல் இமையின் நிழல் எப்போதும் கண் மேல் விழுவதால் வெள்ளை விழி உண்மையில் சாம்பல்தான், கொஞ்சம் சிவப்பும் கலந்திருக்கும். அந்த நிழல் இல்லாவிட்டால் பொம்மைக் கண்.

கோட்டைப் படத்தை அண்ணன் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். உச்சி வெயிலில் கண் சுருங்கியிருக்கிறது, புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழுகிறது. "சுருங்கின கண்ணைத் தொறந்தா அது வேற ஆளுப்பா" என்றார். நம் ஊர் வெயிலில் எடுத்த எந்தப் படமும் மண்டபத்துக்குள் எடுத்த படத்தோடு சேர்வது கஷ்டம்தான். அவர் எடுத்தது ஜன்னல் ஓரத்து நிச்சயதார்த்தப் படம். அதில் வெளிச்சம் இடது பக்கமிருந்து, கேட்ச் லைட் ஏற்கெனவே பத்து மணியில், தலையும் சித்தப்பா நின்ற சாய்வுக்கு ஏறக்குறைய பொருந்துகிறது. ஒரே குறை, அப்பா லென்ஸைப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில், படம் எடுத்தவரின் முகத்தைப் பார்க்கிறார்.

இதைச் சரிசெய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர்களின் கருவிழி அகலம் சுமார் 12 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்காது. எங்கள் குடும்பப் படத்தில் அது 24 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். கருவிழி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பார்வை சுமார் 5 டிகிரி திரும்பிவிடும். அப்பாவின் பார்வையைத் திருப்ப வேண்டியிருந்தது அவ்வளவுதான், மொத்தமே இரண்டு பிக்சல். அவ்வளவு சின்ன இடத்தில் கை வைக்க முடியாது என்பதால் முகத்தை நான்கு மடங்கு பெரிதாக வைத்து வேலை செய்தார். அங்கே அது எட்டு பிக்சல்.

முதலில் கேட்ச் லைட்டைத் தனி லேயருக்கு, அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் போலக் கிடக்கும் அடுக்குக்கு எடுத்தார். அதன் அடியில் கருவிழியைச் சுத்தம் செய்தார். இரண்டு கருவிழியையும் ஒரே அளவு, எட்டு எட்டு பிக்சல் நகர்த்தினார். கேட்ச் லைட்டை மட்டும் நான்கு பிக்சல். கண் திரும்பும்போது கருவிழி போகும் தூரத்துக்கு ஒளிப்புள்ளி போகாது, விளக்கு அங்கேயே நிற்கிறதல்லவா, ஏறக்குறைய பாதிதான் நகரும் என்றார். கருவிழியோடு சேர்த்து அதையும் இழுத்துவிட்டால் பார்வை திரும்பியது போலவே இருக்காது. ஜன்னல் வெளிச்சம் நீளமாக இருந்ததைச் சற்றுக் குறுக்கி, மற்றவர்களின் சதுரத்தோடு சேர்த்தார், ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக விட்டார். கருவிழி நகர்ந்த பக்கம் மேல் இமை வளைவையும் ஒரு துளி தூக்கினார், ஏனென்றால் விழியின் புடைப்பு போகும் இடத்துக்கு இமையும் போகும். பிறகு அடியில் இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் மெல்லிய பிரஷ்ஷால் இமை நிழல். வெள்ளை விழியை அத்தையோடு ஒப்பிட்டு 160-க்கு இறக்கினார்.

யூடியூபில் காட்டுவது போலக் கருவிழியின் கீழ்ப் பாதியை ஒளிர வைக்கவில்லையா என்று கேட்டேன். அது நீலக் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், நம்முடைய அடர் பழுப்புக் கண்ணில் அவ்வளவு வெளிச்சம் தெரியாது, போட்டால் கண்ணாடிக் கோலி மாதிரி ஆகிவிடும் என்றார். நாலு மணிப் பக்கம் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மட்டும் விட்டார்.

முடித்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தார். பழகிய கண்ணுக்குத் தப்பும் கோணல் அப்போது தெரியுமாம். பிறகு அப்பா முகத்தை மட்டும் பெரிய படத்தில் வரும் அதே அளவில் ஒரு 4x6 தாளில் போட்டுக் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் பெருசா போடலாம்" என்றார்.

இந்த வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் முன்பணத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் படத்தை எடுக்கப் போகிறீர்கள், ஏன்? சிரிப்பு, தெளிவு என்று மட்டும் பதில் வந்தால் எழுந்துவிடுங்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று பேச வேண்டும். பிரிண்ட்டுக்கு முன் முகத்தை 100 சதவீதத்தில் கடையிலேயே திரையில் காட்டுவீர்களா? லேயரோடு உள்ள ஃபோட்டோஷாப் பி.எஸ்.டி. ஃபைலைத் தருவீர்களா? எனக்கு அவர்கள் தந்தது எல்லா லேயரும் ஒன்றாக ஒட்டிப்போன ஜேபெக் மட்டும். அதிலிருந்து எதையும் மீட்க முடியாமல் அண்ணன் மெமரி கார்டில் இருந்த மூலப் படத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நல்லவேளை, தங்கை அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

முதல் கடை இன்னமும் பணம் திருப்பித் தரவில்லை. 4x6 தாளை அம்மா வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இப்பதான் என்னப் பாக்கறாரு" என்றார்.