வராத விமானப் புள்ளிகளும் இனிஷியல் பெயர்களும்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

மதுரையிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூர் சென்று திரும்பும் எங்கள் உறவினர்களின் டிக்கெட்டுகளையும், அவர்களுடைய விமான உறுப்பினர் கணக்குகளையும் சில ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். பறக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் விமான நிறுவனம் உறுப்பினருக்குச் சலுகையாகப் புள்ளிகள் தரும் திட்டம் இது. பயணம் முடிந்த சில நாட்களில் புள்ளிகள் தாமாகவே கணக்கில் ஏறிவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறாமல் போகும்போது, அதற்கான காரணம் பெரும்பாலும் நம் ஊர்ப் பெயர்களை எழுதும் முறையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

பெரியப்பாவின் பயணம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அவருடைய உறுப்பினர் கணக்கு, நாம் வழக்கமாக எழுதுவது போல, இனிஷியலும் பெயருமாகப் பதிவாகியிருந்தது. பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் விரிந்து, தந்தையின் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தது. மேல மாசி வீதி ஏஜென்ட் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட் போட்டிருந்தார். வெளிநாட்டுப் பயணத்துக்கு அப்படித்தான் போடவும் வேண்டும். ஆனால் உறுப்பினர் எண் ஒன்றாக இருந்தும், டிக்கெட்டிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்தாததால் புள்ளிகள் எங்கும் சேராமல் நின்றுவிட்டன.

இதைப் போர்டிங் பாஸைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். உறுப்பினர் எண் அதில் அச்சாகவில்லை என்றால், முன்பதிவில் எண் சேரவே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எண் அச்சாகியிருந்தும் புள்ளி வரவில்லை என்றால், பெயரையோ, டிக்கெட்டின் விலைப் பிரிவைக் காட்டும் கட்டண வகுப்பையோ சந்தேகிக்க வேண்டும். பெயரைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. போர்டிங் பாஸின் பார்கோடில் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 20 எழுத்துகள்தான். குடும்பப் பெயராக முதலில் வரும் MEENAKSHISUNDARAM என்பதே 17 எழுத்து. அடுத்து வரும் சாய்கோட்டையும் சேர்த்தால், சொந்தப் பெயருக்கு இரண்டு எழுத்துக்கே இடம் மிஞ்சும். ஆகவே பாஸில் பெயர் பாதியில் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இ-டிக்கெட் ரசீதில் உள்ள முழுப் பெயரைத்தான் கணக்கிலுள்ள பெயருடன் ஒப்பிட வேண்டும்.

விடுபட்ட புள்ளிகளைக் கோரும் படிவம் நிறுவனத்தின் இணையதளத்தில், உறுப்பினர் கணக்குக்குள் நுழைந்த பிறகு கிடைக்கும். விமான எண், பயண நாள், இருக்கை எண் ஆகியவற்றைப் போர்டிங் பாஸிலிருந்து எடுத்து எழுதலாம். பி.என்.ஆர். என்பது ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு; ஏஜென்ட் தன் ரசீதில் தரும் சொந்த எண்ணை அந்த இடத்தில் இட்டால் படிவம் ஏற்காது. ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒரே பி.என்.ஆர். இருக்கக்கூடும் என்பதால், ஆளுக்கொன்றாக வழங்கப்படும் 13 இலக்க டிக்கெட் எண்ணையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. பாஸில் ETKT என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் பணம் கட்டியதற்குச் சான்று, போர்டிங் பாஸ்தான் பறந்ததற்குச் சான்று. அந்தத் தாளின் அச்சு வெப்பத்தில் கறுத்தோ மங்கியோ போய்விடும் என்பதால், மதுரை வெயிலை நம்பாமல் விமான நிலையத்திலேயே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. பார்கோடில் உள்ள பெயரையும் பி.என்.ஆரையும் கொண்டே பிறர் முன்பதிவைத் திறந்துவிட முடியும்.

பெரியப்பாவின் முதல் கோரிக்கை, பெயர் பொருந்தவில்லை என்ற ஒரே வரியுடன் திரும்பி வந்தது. எந்தப் பெயர், எங்கே பொருந்தவில்லை என்று சொல்லாதது இந்தச் சேவையின் பெரிய குறை. அதன்பின் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தை அனுப்பி, முதலில் கணக்கிலுள்ள பெயரைத் திருத்தச் சொன்னோம்; திருத்தம் உறுதியான பிறகே மறுபடி கோரினோம். இந்த வரிசை முக்கியம். பெயர் திருந்தாத வரையில் எத்தனை முறை படிவத்தை நிரப்பினாலும் அதே பதில்தான் வரும். பல திட்டங்களில் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பதால், பெயர் திருத்தத்துக்குப் பிடிக்கும் காலத்தையும் அதற்குள் அடக்கிக் கணக்கிட வேண்டும்.

மதுரை–சென்னைப் பகுதிக்கான புள்ளிகள் விரைவிலேயே ஏறின. சென்னை–சிங்கப்பூர்ப் பகுதியை இயக்கியது கூட்டாளி நிறுவனம். அவர்களிடம் கேட்கலாமா என்று பெரியப்பா யோசித்தார். நாம் உறுப்பினராக உள்ள திட்டம் எதுவோ, அங்கேதான் கோர வேண்டும். அவர்கள் கூட்டாளியிடம் சரிபார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பல வாரங்கள் ஆயின. வந்த புள்ளிகளும் அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதில் தவறில்லை, ஏனெனில் கூட்டாளி விமானத்தில் புள்ளி வீதத்தைத் தீர்மானிப்பது டிக்கெட்டில் உள்ள கட்டண வகுப்பு எழுத்து. மலிவான சில வகுப்புகளுக்குப் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும், சிலவற்றுக்கு எதுவுமே கிடையாது. இப்போது ஏஜென்ட் விலை சொல்லும்போதே அந்த எழுத்தையும் கேட்டு, திட்டத்தின் அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் பெரியப்பா பணம் அனுப்பச் சொல்கிறார்.