ஃபிகரே காட்டாத பேட்டரியா, 100ன்னு காட்டுற பேட்டரியா: ஐஃபோன்ல எதை நம்பலாம்

பெங்களூர்ல எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் பக்கம் பழைய ஐஃபோனுக்கு பேட்டரி மாத்தப் போனீங்கன்னா கடைக்காரர் முதல்ல கேக்குறது "மெசேஜ் வர்றது போடவா, மெசேஜ் வராதது போடவா"ன்னுதான். மெசேஜ்னா, "இது அசல் ஆப்பிள் பேட்டரிதானான்னு சரிபாக்க முடியல"ன்னு ஃபோன் காட்டுற எச்சரிக்கை. மெசேஜ் வராததுக்கு காசு கூட. நிறைய பேர் அது ஒரிஜினல்னு நினைச்சு கூடக் காசு குடுத்துட்டு வந்துடறாங்க. நான் அல்சூர் பக்கம் மொபைல் சர்வீஸ் பண்றேன், இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு ஒழுங்கா எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, ஏன்னா இதுல ஜனங்க ஏமாறுறது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு.

முதல்ல அந்த மெசேஜ் ஏன் வருதுன்னு பாத்துடலாம். ஐஃபோன் பேட்டரின்னா வெறும் செல் மட்டும் இல்ல, அது தலையில டேப்புக்கு அடியில சின்னதா ஒரு போர்டு இருக்கு, கடைல பிஎம்எஸ்னு சொல்லுவோம். அதுல ஒரு கேஜ் சிப் இருக்கு. செல்லுக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு அது விடாம கணக்கு எழுதிட்டே இருக்கும், வோல்டேஜையும் செல்லோட உள் ரெசிஸ்டன்ஸையும் சேத்துப் பாத்து "இப்போ ஃபுல்லா சார்ஜ் பண்ணா இவ்வளவுதான் பிடிக்கும்"னு ஒரு எண்ணைக் கத்துக்கும். புதுசுல எவ்வளவு பிடிக்கணுமோ அதால இதை வகுத்தா வர்றதுதான், மேலோட்டமா சொன்னா, நீங்க பாக்குற `Maximum Capacity`, அதாவது பேட்டரி ஹெல்த் ஃபிகர். அதாவது ஃபோன் செல்லை நேரா அளக்கல, பேட்டரி போர்டு சொல்றதைக் கேட்டுத்தான் காட்டுது.

அப்போ அந்த போர்டு சொல்றதை நம்பலாமான்னு ஃபோனுக்குத் தெரியணும்ல? 2018ல வந்த XS, XR மாடல்கள்ல இருந்து பேட்டரி சிப்பும் ஃபோனோட மெயின் போர்டும் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேந்துதான் வருது. பேட்டரி மாத்தினதுக்கு அப்புறம் ஆப்பிளோட சாஃப்ட்வேர் வச்சு திரும்ப ஜோடி சேக்கணும். அது நடக்கலன்னா ஃபோன் கழுத்தைப் பிடிச்சு நிறுத்தாது, சார்ஜ் ஏறும், மேல பர்சன்டேஜும் வரும், ஹெல்த் ஃபிகரை மட்டும் காட்ட மாட்டேங்குது. 2019ல இது வெளிய தெரிஞ்சப்போ நிறைய பேருக்கு கோவம் வந்ததுக்குக் காரணம், ஒரு ஐஃபோன்ல இருந்து கழட்டுன அசல் ஆப்பிள் பேட்டரியை இன்னொரு ஐஃபோன்ல போட்டாலும் அதே மெசேஜ்தான் வந்துச்சு. அதனால மெசேஜ் வந்தா டூப்ளிகேட்னு அர்த்தம் இல்ல, "இந்த பேட்டரி யாருன்னு என்னால சரிபாக்க முடியல"ங்கிறது மட்டும்தான் அர்த்தம். iOS 15.2ல இருந்து `Settings > General > About`ல `Parts and Service History`னு ஒரு இடம் வந்துச்சு, அங்க பேட்டரி பக்கத்துல `Unknown Part`னு நிக்கும்.

ஆப்பிள் இதுக்கு சொல்ற காரணம், யூஸ் பண்ண பேட்டரியோட சிப்புல எண்ணை மாத்திட்டு புதுசுன்னு விக்கிறாங்க, அந்த எண்ணை நாங்க எப்படி காட்டுறதுன்னு. காரணம் நியாயமானதுதான்னு எனக்குத் தோணுது, ஏன்னா அந்த வேலை இங்க நம்ம கண் முன்னாடியே நடக்குது. ஆனா வேற கம்பெனியோட நல்ல பேட்டரிக்கும் மூடி மறைச்சது சரின்னு சொல்ல மாட்டேன். அவங்களே 2024ல இதைத் தளர்த்தி, மத்த கம்பெனி பேட்டரிக்கும் ஃபிகரைக் காட்டுவோம், கூடவே இதை எங்களால சரிபாக்க முடியலன்னு குறிப்பும் போடுவோம்னு அறிவிச்சாங்க. அதனால உங்க மாடல், iOS வெர்ஷன் பொறுத்து நம்பரே இல்லாமலும் இருக்கலாம், நம்பரும் எச்சரிக்கையும் சேந்தும் வரலாம்.

இப்போ ஆப்ஷன்களுக்கு வரேன்.

ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல மாத்துறதைப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. பேட்டரி ஆப்பிளோடது, ஜோடியும் அவங்களே சேத்துடறாங்க, ஃபிகர் வரும், `About`ல `Genuine Apple Part`னு வரும். மாடலுக்கு என்ன சார்ஜ்னு ஆப்பிள் சைட்லயே எஸ்டிமேட் பாத்துக்கலாம். ஃபோனை இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டணும்னா காசு கூட ஆனாலும் இதைத்தான் நான் முதல்ல சொல்லுவேன். ஸ்க்ரீன் உடைஞ்சிருந்தா மட்டும் அதையும் சேத்து மாத்தணும்னு சொல்ல வாய்ப்பு இருக்கு, அப்போ கணக்கு மாறிடும்.

ரெண்டாவது, வேற கம்பெனி பேட்டரியை அதோட சொந்த போர்டோட அப்படியே போடுறது. இதுதான் "மெசேஜ் வர்றது". ஜோடி சேராது, மெசேஜ் வரும், கொஞ்ச நாள் கண்ணுல பட்டுட்டே இருக்கும், அப்புறம் `About`க்குள்ள போயிடும். ஆனா இதுல ஒரு நல்ல விஷயம், அந்த போர்டும் அந்த செல்லும் ஃபேக்டரிலேயே ஒண்ணா வந்தது, கேஜ் சிப்புக்கு அந்த செல்லோட கணக்கு தெரியும். கம்பெனி ஓரளவு நல்லதா இருந்தா மேல தெரியுற பர்சன்டேஜ் ஒழுங்கா இறங்கும், திடீர்னு ஆஃப் ஆகாது.

மூணாவதுதான் "மெசேஜ் வராதது", இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். உங்க பழைய பேட்டரியோட போர்டை வெட்டி எடுத்து, போர்டு இல்லாத புது செல்லுல ஸ்பாட் வெல்டிங் பண்ணி ஒட்டுறாங்க. போர்டு உங்க ஃபோனோடதே, அதனால ஜோடி அப்படியே இருக்கு, ஃபோன் ஒண்ணும் கேக்காது. ஆனா போர்டுக்குள்ள பழைய கணக்குதான் இருக்கும், செல் புதுசா இருந்தும் ஹெல்த் பழைய 76தான் காட்டும். அதுக்காக ப்ரோகிராமர்னு ஒரு சின்ன மெஷின்ல போர்டை சொருகி 100ன்னு எழுதுறாங்க, சைக்கிள் கவுன்ட்டையும் பூஜ்யம் ஆக்கிடறாங்க. அந்த 100 யாரும் அளந்து வந்த எண் இல்ல, டைப் பண்ண எண். ரயில் டிக்கெட்டுல பேரை அழிச்சு எழுதுன மாதிரி, பேப்பர் அசல், பேர் அசல் இல்ல.

இதுல வர்ற தொந்தரவு ரெண்டு. ஒண்ணு, கேஜ் சிப் இவ்வளவு நாள் கத்து வச்சிருக்கிறது செத்துப்போன செல்லோட ரெசிஸ்டன்ஸும் வோல்டேஜ் இறங்குற கர்வும், புது செல் வேற கம்பெனி, வேற கொள்ளளவு. அதனால 20ல நிக்கிற ஃபோன் சட்டுனு ஆஃப் ஆகும், இல்ல 1லயே ரொம்ப நேரம் நிக்கும். "ஹை கெபாசிட்டி"ன்னு பெரிய செல் போட்டா இது இன்னும் மோசம். ரெண்டாவது பத்திரம். வெல்டிங்கை மெஷின்ல சுத்தமா பண்றவங்களும் இருக்காங்க, சிலர் சால்டரிங் அயர்னை நேரா செல்லோட மெட்டல் முனையில வச்சு சூடு பண்றாங்க, அது செல்லோட உள்ள சீலைக் கெடுக்கும், பேட்டரி உப்பி ஸ்க்ரீனைத் தூக்குறதுல போய் முடியலாம். போன வாரம் அப்படி ஒண்ணு வந்துச்சு, ஸ்க்ரீன் ஓரம் தூக்கி உள்ள வெளிச்சம் தெரிஞ்சுது, அதை சார்ஜ்ல வச்சே தூங்கியிருக்காங்க. இந்த மாதிரி உப்பினதை அழுத்தி மூடாதீங்க, சார்ஜ் போடாதீங்க.

போர்டை வெட்டாம நடுவுல ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் கேபிள் சொருகி மெசேஜை மறைக்கிறதும் உண்டு. வெல்டிங் இல்லாததால அந்த ஆபத்து குறைவு, ஆனா அங்கயும் எண்ணை எழுதுறது மெஷின்தான்.

ஒரு கேஸ் சொல்றேன். அல்சூர்லயே அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஐஃபோன் 11, வேற வேற கடைல மாத்தியிருக்காங்க. அண்ணன் ஃபோன்ல மெசேஜ், ஃபிகர் இல்ல. தம்பி ஃபோன்ல 100. தம்பி வந்து "அண்ணா, இதுல 100 இருக்கு ஆனா சாயங்காலமே காலி ஆகுது, அவன்கிட்ட ஒண்ணுமே காட்டல ஆனா நைட்டு வரைக்கும் வருது, எப்படிண்ணா?"ன்னு கேட்டான். கம்ப்யூட்டர்ல 3uToolsனு பேட்டரி விவரம் காட்டுற சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாமான்னும் கேட்டான், ஆனா அதுவும் அதே போர்டுகிட்ட கேட்டுத்தான் சொல்லும், அதனால பிரயோஜனம் இல்ல. போர்டைக் கேக்காம வெளில இருந்து அளக்கணும்.

அதுக்கு சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவுல சொருகுற யூஎஸ்பி மீட்டர் போதும், எஸ்.பி. ரோட்லயே கிடைக்கும், வாட் அவர் காட்டுறதா பாத்து வாங்குங்க. ஃபோன் தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டி, ஏரோப்ளேன் மோடு போட்டு, `Optimized Battery Charging` ஆஃப் பண்ணி, ஸ்க்ரீனைத் தொடாம 100 வந்து கரண்ட் நல்லா இறங்குற வரைக்கும் விடணும். ஐஃபோன் 11 பேட்டரி 3110 எம்ஏஎச், 11.91 வாட் அவர். ஆனா சார்ஜிங்ல சூடா போறது, ஃபோன் ஓடுறதுக்கு போறது எல்லாம் சேந்து மீட்டர்ல கூடத்தான் வரும். அதனால சர்வீஸ் சென்டர்ல புதுசா மாத்தின ஒரு ஐஃபோன் 11ஐ அதே சார்ஜர், அதே கேபிள்ல முதல்ல அளந்தேன், 14.5 வந்துச்சு. அண்ணன் ஃபோன் 14.1. தம்பி ஃபோன் 11.3. வகுத்துப் பாத்தா ஃபிகரே காட்டாத ஃபோன்ல ஏறக்குறைய 97 சதவீதம் இருக்கு, 100ன்னு காட்டுறதுல 78தான் இருக்கு. ரெண்டு மூணு சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா 78ஐ 100 ஆக்குற அளவுக்கு தப்பு வராது. தம்பி ஃபோனைத் திறந்து பாத்தா வெல்டிங் சுத்தமாதான் இருந்துச்சு, செல்லுதான் சரியில்ல. பழசோ, மட்டமோ, அதை மறைச்சது அந்த எழுதுன எண்.

இதைப் பாத்துட்டு போர்டு மாத்துறதே தப்புன்னு சொல்லல. நல்ல செல், நல்ல மெஷின், பொறுமையான கை இருந்தா அதுவும் நல்லா ஓடும், பண்றவங்க எனக்குத் தெரியும். என் கஷ்டம் என்னன்னா, நல்லா பண்ணாலும் 100, மோசமா பண்ணாலும் 100, வாங்குறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால சர்வீஸ் சென்டருக்குப் போக காசு இல்லன்னா, மெசேஜ் வர்ற நல்ல கம்பெனி பேட்டரியை எடுங்கன்னுதான் சொல்றேன். ஃபோனை விக்கப் போறீங்கன்னா மட்டும் யோசிக்கணும், `Unknown Part` பாத்து விலை குறைப்பாங்க, அது நிஜம்தான்.

அசல் பேட்டரியை வேற ஃபோன்ல இருந்து கழட்டி போடுறதும் ஒரு ஆப்ஷன். iOS 18ல இருந்து புது மாடல்கள்ல ஃபோன்லயே `Repair Assistant`னு இருக்கு, அது வழியா ஜோடி சேத்துக்கலாம். ஆனா ஆக்டிவேஷன் லாக்ல இருக்குற ஃபோன்ல இருந்து கழட்டுன பார்ட்டுக்கு இது நடக்காது, திருட்டு ஃபோன் பார்ட்டைத் தடுக்கத்தான் அப்படி வச்சிருக்காங்க. ஐஃபோன் 11 காலத்து ஃபோனுக்கு இந்த வழியை எண்ணிப் போகாதீங்க. 8, X மாதிரி அதுக்கும் முந்தினதுல ஜோடி விஷயமே இல்ல, எந்த பேட்டரி போட்டாலும் ஃபிகர் வரும், அதனால அங்க 100 பாத்து சந்தோஷப்படுறதுலயும் அர்த்தம் இல்ல.

கடைல காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க: என் போர்டை வெட்டுறீங்களா, புது பேட்டரி அதோட போர்டோட வருதா? வெட்டுறதுன்னா செல் எந்த கம்பெனி, எத்தனை எம்ஏஎச், வெல்டிங் எதுல பண்றீங்க? பில்லுல செல் கம்பெனி பேரும் வாரன்ட்டியும் எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுங்க, எஸ்.பி. ரோட்ல கடைக்கா பஞ்சம்.