லீட்ஸில் ஓர் அறை, 2,470 பவுண்டு: டெபாசிட் அனுப்பும் முன் எந்தச் சோதனையை நம்பலாம்?

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இங்கிலாந்தில் அறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். ஒருவர் இணையதளத்தைத் துருவிப் பார்ப்பார், இன்னொருவர் வீடியோ காலில் வீட்டைப் பார்ப்பார், வேறொருவர் நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரைத் தேடுவார். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. தளம் உண்மையா, வீடு உண்மையா, பேசுகிற ஆளுக்கு அதை வாடகைக்கு விட உரிமை உண்டா, பணம் போகும் கணக்கு அவருடையதா என்ற நான்கில் எதை எந்தச் சோதனை பிடிக்கிறது என்று பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். லீட்ஸ் நகரின் ஹைட் பார்க் பகுதி, ஐந்து மாணவர்கள் பகிரும் வீடு, வாரம் 130 பவுண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை செய்வதாகச் சொல்கிறார். டெபாசிட் 780, மூன்று மாத வாடகை 1,690, ஆக 2,470 பவுண்டை இன்றே அனுப்பினால் அறை உங்களுக்கு என்கிறார்.

முதலில் கணக்கு

செலவே இல்லாத சோதனை இது. இங்கிலாந்தில் 2019-ம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. நம் அறைக்கு அது 650. அறையைப் பிடித்துவைக்கும் தொகை ஒரு வார வாடகை, அதாவது 130 மட்டுமே. 2026 மே 1 முதல், தனியார் வாடகை வீடுகளில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாடகை வாங்கவே கூடாது, அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. (அங்கீகரிக்கப்பட்ட நடத்தை விதிகளில் சேர்ந்திருக்கும் பெரிய மாணவர் விடுதிகளுக்கு இந்த வரம்பு வேறு.) எனவே 780-ம் தவறு, 1,690-ம் தவறு. ஆனால் விவரம் தெரிந்த மோசடிக்காரர் சரியாக 650 என்றே கேட்பார். அவரை இந்தக் கணக்கு பிடிக்காது.

தளத்தைச் சோதிப்பது

பிரவுசரில் தெரியும் பூட்டுப் படம், இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். தளம் யாருடையது என்று சொல்லாது. முகவரியில் `https://`-க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உதாரணமாக இப்படி ஒரு முகவரி வந்தால்:

```
https://example.co.uk.room-pay.info/booking
```

இந்தத் தளம் `room-pay.info`-வுக்குச் சொந்தமானது. முன்னால் ஒட்டிய பெயர் வெறும் வேஷம். `lookup.icann.org`-இல் பெயரைத் தட்டினால் எப்போது பதிவானது என்று தெரியும். பத்து ஆண்டாக இயங்குவதாகச் சொல்லும் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கம்பனி எண் கொடுத்திருந்தால் பிரிட்டிஷ் அரசின் கம்பனிகள் பதிவகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும் வேறொரு கம்பனியின் எண்ணை யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். ஏஜென்சி என்றால் வேறு வழி உண்டு. இங்கிலாந்தில் வாடகை ஏஜென்டுகள் ஏதாவதொரு குறைதீர்ப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலேயே உறுப்பினரைத் தேடி, அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள்; விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல.

நல்ல தளத்தில் வந்த விளம்பரமும் பொய்யாக இருக்கலாம். தளத்தில் தொடங்கிய பேச்சை வாட்ஸ்அப்புக்கு இழுத்து, அங்கே பணம் கட்ட ஒரு லிங்க் அனுப்புவதுதான் வழக்கமான பாதை. அதனால் தளச் சோதனைக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் தருவேன்.

வீடியோ காலா, நிலப் பதிவேடா

வீடியோ கால் நேரலையில் இருக்க வேண்டும், நீங்கள் சொல்கிறபடி நகர வேண்டும். வாசலுக்கு வெளியே போய் கதவு எண்ணையும் தெருப் பலகையையும் காட்டச் சொல்லுங்கள். அப்படியே துண்டிக்காமல் உள்ளே வந்து, உங்கள் அறைக் கதவைச் சாவியால் திறக்கச் சொல்லுங்கள். திருடிய படத்தை வைத்து ஏமாற்றுகிறவர் இங்கே சிக்கிவிடுவார். ஆனால் அதே வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு இரண்டு நாள் எடுத்து, சாவியோடு நின்று காட்டுகிறவர் சிக்கமாட்டார். கையில் சாவி இருக்கிறது என்பதைத்தான் வீடியோ நிரூபிக்கிறது.

நிலப் பதிவேடு இதற்கு நேர் எதிர். `gov.uk` வழியாக, இங்கிலாந்து–வேல்ஸ் நிலப் பதிவகத்தில் 7 பவுண்டுக்கு அந்த வீட்டின் உரிமைப் பதிவை வாங்கலாம். கூடுதல் விலைக்கு இதையே விற்கும் இடைத்தரகர் தளங்கள் உண்டு, தவிருங்கள். உரிமையாளர் பெயரும், கடன் இருந்தால் அடமானமும் அதில் இருக்கும். அடுக்குமாடி என்றால் அந்தக் குடியிருப்பின் குத்தகைப் பதிவை வாங்க வேண்டும். மொத்தக் கட்டடத்தின் பதிவில் வேறொருவர் பெயர் வந்து குழப்பும்.

இன்னொரு பதிவேடு இலவசம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு நகர மன்ற உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை மன்றம் பொதுவில் வைத்திருக்க வேண்டும். நம் வீட்டில் ஐந்து பேர், ஆகவே லீட்ஸ் மன்றப் பட்டியலில் அது இருந்தாக வேண்டும்.

பதிவேட்டின் ஓட்டை என்னவென்றால், அந்த 7 பவுண்டை மோசடிக்காரரும் செலவழிக்க முடியும். உரிமையாளர் பெயரைத் தெரிந்துகொண்டு அதே பெயரில் ஒரு பாஸ்போர்ட் படத்தைத் தயாரித்து அனுப்புவார். பெயர் பொருந்தாவிட்டால் அதுவே மோசடி என்றும் ஆகாது. உரிமையாளர் ஏஜென்டிடம் விட்டிருக்கலாம். அப்போது நிர்வாக ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

கணக்குப் பெயர்: எனக்கு மிகவும் நம்பிக்கையானது

வீட்டையும் ஆளையும் இணைக்கும் முடிச்சு வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் வங்கிகளில் புதிய கணக்குக்குப் பணம் அனுப்பத் தொடங்கினால், எழுதிய பெயர் அந்தக் கணக்கின் பெயரோடு பொருந்துகிறதா என்று அனுப்பும் முன்பே திரையில் சொல்லிவிடும். அங்கே படிக்கும் சீனியரிடமோ உறவினரிடமோ பெயர், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஆறு இலக்க சார்ட் கோடு, எட்டு இலக்கக் கணக்கு எண் மூன்றையும் கொடுத்து, பணம் அனுப்பாமல் அந்த ஒரு கட்டம் வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் இருக்கும் உரிமையாளர் பெயரோ, நீங்கள் சரிபார்த்த ஏஜென்சியின் பெயரோ பொருந்தினால் நல்லது. நண்பர் கணக்கு, மனைவி கணக்கு என்றெல்லாம் விளக்கம் வந்தால் அனுப்பாதீர்கள்.

ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் கணக்கு `GB` என்று தொடங்கும். லீட்ஸ் வீட்டுக்கு வேறு நாட்டுக் கணக்கு ஏன் என்று கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும்போது இந்தப் பெயர்ப் பொருத்தம் உங்கள் திரையில் வராது. மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு பிரிட்டிஷ் வங்கிகள் திருப்பித் தரும் 2024 அக்டோபர் விதியும் பிரிட்டனுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டுமே. இங்கிருந்து போன பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

டெபாசிட் "ஏற்கெனவே பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாயிற்று" என்று பணம் போகும் முன்பே சான்றிதழ் வந்தால் அது பொய். பணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்பதே விதி. பிறகு அந்தத் திட்டத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

எதைத் தேர்வது

அங்கே தெரிந்த ஒருவர் இருந்தால் நிலப் பதிவு, மன்றப் பட்டியல், கணக்குப் பெயர் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். வீடியோ கடைசியில் போதும். யாரும் இல்லையென்றால் தனியார் வீட்டுக்கு இங்கிருந்து பணம் அனுப்பச் சொல்லமாட்டேன். பல்கலைக்கழக விடுதிக்கு, பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் நுழைந்து பணம் கட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் பத்து நாள் பயணிகள் ஹாஸ்டலில் தங்கி நேரில் பார்த்துப் பிடிக்கலாம். செப்டம்பரில் நல்ல அறைகள் தீர்ந்திருக்கும், கொஞ்சம் தூரமாகவோ விலை கூடவோ அமையும். 2,470 பவுண்டைத் தொலைத்துவிட்டு அதே ஹாஸ்டலுக்குப் போவதைவிட அது பரவாயில்லை.