எட்டு மாதம், பத்து ஸ்லைடு: ஒரு யோகா டீச்சரின் கரோசலோடு என் அனுபவம்

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதா மாதம் 11-ஆம் தேதிக்கு ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்கு இன்னொன்று. அந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னால் மூன்று நாள் கழுத்து கல்லாகிவிடும். அப்படி ஒரு 19-ஆம் தேதி ராத்திரி, இன்ஸ்டாகிராமில் ஒரு யோகா டீச்சரின் கரோசல் கண்ணில் பட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் செய்யக்கூடியவை, பத்து ஸ்லைடு. முதலாவது அட்டை, கடைசி 'சேவ் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க'. நடுவில் எட்டுதான் சரக்கு. சேவ் செய்தேன். அதை எட்டு மாதம் விடாமல் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரமே ஒரு கோளாறு தெரிந்தது. மூன்றாவது ஸ்லைடில் 'மூச்சை உள்ளே இழுத்து நிமிர்ந்து உட்காருங்கள்' என்று இருந்தது. 'மூச்சை விட்டுக்கொண்டே வலது காதை வலது தோளுக்குக் கொண்டு வாருங்கள்' என்பது நாலாவதில். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஸ்லைடுக்கு ஒரு வரி. ஆனால் அடுத்ததைத் தள்ளக் கையை எடுத்து, போனைத் தேடி, படிக்கும்வரை இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. மூச்சை அடக்கினால் தோள் தானாகக் காதுப் பக்கம் ஏறும். எந்தத் தசையைத் தளர்த்த வந்தேனோ அதையே முறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்லைடையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிவைத்த பிறகுதான் அது ஒரு பயிற்சியாகவே ஆனது.

டீச்சருக்கு மெசேஜ் போட்டேன். "அக்கா, நான் பாயில உக்காந்து மனப்பாடமா செய்யறவ. நீங்க போனைப் பாத்துக்கிட்டே செய்வீங்கன்னு யோசிக்கவே இல்ல" என்று பதில் வந்தது. போட்ட படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த வழியில்லை என்பதால் முதலில் கேப்ஷனில் ஒரு வரி சேர்த்தார். ஒரு மாதம் கழித்துப் புதிதாகவே போட்டார். இப்போது ஒரே படத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு 'இழு', கீழ்நோக்கியதோடு 'விடு'.

அந்தக் கழுத்துப் பயிற்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எனக்கு அதிகம் பலித்தது அதுதான். காதைத் தோளுக்குக் கொண்டு வா என்றால் நம்மில் பாதிப் பேர் தோளைக் காதுக்குக் கொண்டு போவோம். நானும் அதைத்தான் செய்தேன். புதிய ஸ்லைடில் டீச்சர் சேர்த்த ஒரு வரி அதைச் சரிசெய்தது: வலது பக்கம் சாயும்போது, இடது கையால் நாற்காலி இருக்கையின் ஓரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இடது தோள் ஏறவே முடியாது. சரியாகச் செய்தால் இழுவை கழுத்தின் பக்கவாட்டில் தொடங்கித் தோள் மேட்டில் முடியும். பிறகு அதே நிலையில் மூக்கை வலது அக்குள் பக்கம் திருப்பிக் குனிந்தால், இழுவை பின்னால் நகர்ந்து, இடது தோள்பட்டை எலும்பின் உள்மேல் மூலையில் போய் நிற்கும். மானிட்டரை எட்டிப் பார்த்தே உட்காருகிறவர்களுக்கு வலி முடிச்சு போடும் இடம் அதுதான். கையில் ஷாக் அடித்தது போலவோ மரத்தது போலவோ இருந்தால் அது தசையின் இழுவை இல்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு நேரம்? நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் ஏறக்குறைய பத்து விநாடி. அப்படி மூன்று மூச்சு என்றால் பக்கத்துக்கு அரை நிமிடம். டைமர் வேண்டாம், போனைப் பார்க்கவும் வேண்டாம்.

ஒன்பதாவது ஸ்லைடு மூச்சுக்கு மட்டும். பழைய பதிப்பில் 'பத்து முறை ஆழமாக இழுத்து விடுங்கள்' என்று மொட்டையாக இருந்தது. அவசரத்தில் புஸ்புஸ்ஸென்று பத்தும் முடித்தேன், தலை சுற்றி, உதட்டைச் சுற்றி ஊசி குத்தியது. பயந்துபோனேன். காரணம் எளிது: வேகமாக, பெரிதாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்கிவிடும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். புதிய பதிப்பில் 'மூச்சு பெரிதாக வேண்டாம், வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். செய்யும்போது மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். முதல் தடவை அதை விரலில் உணர்ந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி செய்து பார்த்தேன்.

ஆறாவது, முதுகைத் திருகுவது. டீச்சர் வீட்டு மர நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறார். எங்கள் ஆபீஸில் எல்லாம் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. மூச்சை விட்டுக்கொண்டே திரும்பினால் நான் திரும்புவதற்குள் நாற்காலி திரும்பி, ஜூனியர் தம்பியைப் பார்த்து நின்றது. அவன் 'என்னக்கா வேணும்?' என்றான். இப்போது இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, முழங்காலை மேஜைக் காலில் முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன். இடுப்பு நின்றால்தான் மேல்முதுகு திரும்பும்.

உட்கார்ந்தபடி முதுகை வளைத்து நிமிர்த்துவது, கருடாசனக் கை, காலை முழங்கால்மேல் போட்டுக் குனிவது எல்லாம் பழுதில்லை. கடைசியை மட்டும் சேலையில் செய்யத் தோதில்லை.

ஏழாவதுதான் என் பெரிய குறை. கையை நீட்டி, விரல்களை மறு கையால் பின்னுக்கு இழுத்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்கிறது. எனக்கு ஏற்கெனவே கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய், கையை உதறினால்தான் சரியாகும். ஸ்ட்ரெச்சில் போய்விடும் என்று நம்பி இன்னும் பலமாக இழுத்தேன். மூன்று வாரத்தில் பகலிலேயே மரக்கத் தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் பார்த்ததும் சொன்னார், மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நசுங்குகிறது, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கும்போது அங்கே அழுத்தம் கூடும் என்று. கீபோர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை மடக்கி அதைத் தட்டையாக்கச் சொன்னார். ராத்திரிக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் ஒன்றும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது. விரல் மரத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்று அந்த ஸ்லைடில் ஒரு வரி இருந்திருக்கலாம். டீச்சரிடம் சொன்னேன், கேப்ஷனில் சேர்த்துவிட்டார். கேப்ஷனை யார் 'மேலும்' தட்டிப் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது கரோசலைத் திறந்தே இரண்டு மாதம் ஆகிறது. பதினொன்றரைக்கு ஒரு தடவை, நாலு மணி டீக்கு முன்னால் ஒரு தடவை, கழுத்தும் முதுகும் மூச்சும் மட்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 20-ஆம் தேதி வலி வராமல் இல்லை, ஆனால் 21-ஆம் தேதியே போய்விடுகிறது. தம்பி கேட்டான் என்று மூன்று ஸ்லைடைப் பிரின்ட் எடுத்து டோனர் டப்பா வைக்கிற அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஏழாவதை ஒட்டவில்லை.